அம்புக்குறியை வாய்விட்டுப் படித்தபோது

மாடல் எக்ஸாம் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை, எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எங்கள் பேத்தாலஜி டிபார்ட்மெண்ட் வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு விடைத்தாள். ஒன்று அவளுடையது, இன்னொன்று அறைத்தோழியுடையது. "மேடம், நான் ஹெட்டிங் போட்டிருக்கேன், ஃப்ளோசார்ட் போட்டிருக்கேன், ரெண்டு டயகிராம் கலர்ல போட்டிருக்கேன். அவ ஒரே ஒரு டயகிராம்தான், அதுவும் பேனாவுல. அவளுக்கு 11, எனக்கு 7." குரலில் சண்டை இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். திருத்தியது நான்தான். மதிப்பெண் சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏன் சரி என்று அவளுக்குச் சொல்ல வாயைத் திறந்தால், "கன்டென்ட் பத்தலம்மா" என்ற பழைய பல்லவிதான் வந்தது. நான் படித்த காலத்தில் எனக்குச் சொல்லப்பட்டதும் அதுதான், அதற்கு என்ன பொருள் என்று அன்றைக்கு எனக்கும் விளங்கவில்லை.

சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லும் அறிவுரை தலைமுறை தலைமுறையாக ஒன்றுதான். பத்தியாக எழுதாதே, திருத்துகிறவர் படிக்க மாட்டார். தலைப்புப் போடு, அடிக்கோடு போடு, ஃப்ளோசார்ட் போடு, படம் வரை, மார்க் தானாக விழும். இது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண் அறிவுரையை அப்படியே, ஒரு வரி விடாமல் செய்திருந்தாள். அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

கேள்வி இதுதான். 7 வயதுச் சிறுவன். இரண்டு நாளாக முகத்தில் வீக்கம், கோலா நிறத்தில் சிறுநீர், அதன் அளவும் குறைவு. இரண்டு வாரத்துக்கு முன்னால் காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தன. ரத்த அழுத்தம் 140/90. உங்கள் டயக்னோசிஸ் என்ன, 2 மார்க். நோய் எப்படி உண்டாகிறது, 5. மார்பாலஜி, 5. பரிசோதனை முடிவுகள், 3. மொத்தம் 15. பேத்தாலஜி இரண்டாம் தாளில் இதைவிடப் பழகிய கேள்வி இருக்க முடியாது. போஸ்ட் ஸ்ட்ரெப்டோகாக்கல் குளோமெருலோநெஃப்ரைட்டிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பிறகு சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் வரும் அழற்சி. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விடை.

27 நிமிடம்

முதலில் அவளுடைய தாளின் பக்கங்களை எண்ணினேன். இந்த ஒரு எஸ்ஸேவுக்கு ஐந்தேகால் பக்கம். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். "நாற்பது நிமிஷம் இருக்கும் மேடம்." எங்கள் தாளின் கணக்கு எளிது. 15 மார்க் எஸ்ஸே இரண்டு, 5 மார்க் ஷார்ட் நோட்ஸ் பத்து, 2 மார்க் பத்து, ஆக 100. நேரம் மூன்று மணி. ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம். ஒரு எஸ்ஸேவுக்கு 27 நிமிடம்தான் சொந்தம், ஒரு ஷார்ட் நோட்ஸுக்கு 9. நாற்பது நிமிடம் எடுத்தவள் 13 நிமிடத்தை வேறெங்கோ இருந்து கடன் வாங்கியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அது தெரிந்தது: இரண்டு ஷார்ட் நோட்ஸ் பாதியில் நின்றிருந்தன. ஒன்றில் தலைப்பும் ஒரு வரியும் மட்டும்.

அந்த 13 நிமிடமும் எங்கே போயின என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முதல் ஒன்றேகால் பக்கம் முழுக்க குளோமெருலோநெஃப்ரைட்டிஸ் என்றால் என்ன என்ற டெஃபினிஷன், பிறகு அதன் வகைப்பாடு. பிரைமரி, செகண்டரி, பரம்பரை என்று மூன்று கிளையாகப் பிரித்து, ஸ்கேல் வைத்துப் பெட்டி போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்தாறு பெயர். அழகான மரம். கேள்வியில் வகைப்பாடு கேட்கவே இல்லை. அந்தப் பக்கத்தில் நான் ஒரு டிக்கூடப் போடவில்லை; போடுவதற்கு என்னிடம் மார்க் இல்லை. கேள்வித்தாளே 2, 5, 5, 3 என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டது. வகைப்பாட்டுக்கு என்று ஒரு பங்கு அதில் கிடையாது.

"ஏன் இதை எழுதினே?" என்று கேட்டேன். "எஸ்ஸேன்னா டெஃபினிஷன், எடியாலஜி, கிளாசிஃபிகேஷன், பேத்தோஜெனசிஸ், மார்பாலஜி, கிளினிக்கல் ஃபீச்சர்ஸ், காம்ப்ளிகேஷன்ஸ், இந்த ஆர்டர்லதான் எழுதணும்னு சொல்லியிருக்காங்க மேடம்." யார் சொன்னது என்று கேட்கவில்லை. எனக்கும் சொன்னார்கள். "டிஸ்கஸ் குளோமெருலோநெஃப்ரைட்டிஸ்" என்று ஒரே வரியில் கேள்வி வந்த காலத்துச் சூத்திரம் அது. அன்றைக்குத் தலைப்புகளை நாமேதான் உண்டாக்க வேண்டும், அதனால் அப்படி ஓர் அச்சு தேவைப்பட்டது. இப்போது நோயாளியின் கதையைச் சொல்லி, அதற்குக் கீழே அ, ஆ, இ, ஈ என்று பிரித்துக் கேட்கிறார்கள். தலைப்பு கேள்வித்தாளிலேயே அச்சாகி இருக்கிறது. அதே சொற்களை அதே வரிசையில் எடுத்து எழுதுவதுதான் வேலை. மார்பாலஜி என்று கேட்டிருந்தால் தலைப்பு மார்பாலஜி. "மைக்ரோஸ்கோபிக் அப்பியரன்ஸ்" என்று மாற்றி எழுதினால் தப்பில்லை. ஆனால் திருத்துகிறவரின் கையில் இருக்கும் மதிப்பெண் பங்கீட்டுத் தாளில் அந்தச் சொல் இருக்காது. ஒரு வினாடி தேட வேண்டும். நூறு தாளில் நூறு முறை தேடிய கண்ணுக்கு அந்த ஒரு வினாடி பெரிது.

அவள் தோழியின் தாளில் முதல் தலைப்பு "டயக்னோசிஸ்". அதற்குக் கீழே நோயின் பெயர். அதற்கும் கீழே "இந்த நோயாளியிடம் இதற்கான சான்றுகள்" என்று நான்கு வரி: சிறுவன், பள்ளி வயது, தொண்டை வலிக்கும் சிறுநீர் நிறம் மாறியதற்கும் நடுவில் இரண்டு வார இடைவெளி, கோலா நிறம், குறைந்த அளவு, வீக்கமும் உயர் ரத்த அழுத்தமும். இடைவெளி என்ற சொல்லின் பக்கத்தில் அடைப்புக்குள், தொண்டை வலித்த ஓரிரு நாளிலேயே ரத்தச் சிறுநீர் வந்திருந்தால் ஐஜிஏ நெஃப்ரோபதியை நினைக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. இரண்டு மார்க்கும் முழுசாகக் கொடுத்திருந்தேன். நம் மாணவி நோயின் பெயரை மட்டும் சரியாக எழுதி, பெட்டிக்குள் போட்டு, இரட்டை அடிக்கோடு இழுத்திருந்தாள். ஒரு மார்க். நோயாளியின் கதை கேள்வியில் ஐந்து வரிக்கு இருக்கிறது. அவளுடைய விடையில் அந்தச் சிறுவனே இல்லை.

அதனால், அதனால், அதனால்

இதுவரை நான் சொன்னதை அவள் தலையாட்டிக் கேட்டாள். வகைப்பாடு வீண் என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. ஆனால் ஃப்ளோசார்ட்டுக்கு 5-இல் 2 கொடுத்திருந்ததை அவளால் ஏற்க முடியவில்லை. "இதுல என்ன மேடம் தப்பு? எல்லா பாயின்ட்டும் இருக்கே." இருந்தது. ஒன்றன் கீழ் ஒன்றாக எட்டுப் பெட்டி, நடுவில் ஏழு அம்பு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று, ஆன்டிபாடி, இம்யூன் காம்ப்ளெக்ஸ், காம்ப்ளிமென்ட், குளோமெருலஸ் பாதிப்பு, ஹீமெச்சூரியா, எடிமா, ஹைப்பர்டென்ஷன். ஒரு பெட்டியும் விடுபடவில்லை.

எனக்கும் அந்த நேரத்தில் சரியான பதில் கிடைக்கவில்லை. சும்மா, "அம்புக்குறி வர்ற இடத்துலெல்லாம் 'அதனால்'னு சொல்லி வாய்விட்டுப் படி" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. அவள் படித்தாள். "ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தது, அதனால் ஆன்டிபாடி உண்டாச்சு, அதனால் இம்யூன் காம்ப்ளெக்ஸ் படிஞ்சது, அதனால் காம்ப்ளிமென்ட் தூண்டப்பட்டது, அதனால் குளோமெருலஸ் பாதிச்சது, அதனால் சிறுநீர்ல ரத்தம் வந்தது, அதனால் முகம் வீங்குச்சு..." அங்கே நின்றாள். தாளைப் பார்த்தாள். "அய்யோ" என்று சிரித்துவிட்டாள். "ரத்தம் போனதால முகம் வீங்கல மேடம்."

இல்லைதான். முகம் வீங்கியதால் ரத்த அழுத்தம் கூடவும் இல்லை. அவளுக்கு இது தெரியாமல் இல்லை. வாய்மொழித் தேர்வில் கேட்டிருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் வரைந்த அம்பு அவளுக்குத் தெரிந்ததற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்தியாக எழுதும்போது "மேலும்", "இதனுடன்", "இன்னொரு பக்கம்" என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஃப்ளோசார்ட்டில் அந்த வசதி கிடையாது. அம்புக்கு ஒரே பொருள்தான். ஒன்றன் கீழ் ஒன்றாகப் பட்டியல் போட நினைத்து நடுவில் அம்பு போட்டுவிட்டால், பட்டியலில் இருந்த சரியான விஷயங்களே தப்பாகிவிடும்.

டிபார்ட்மெண்ட் பலகையில் அதையே இருவரும் சேர்ந்து மறுபடி வரைந்தோம். மேலே ஒரே தண்டு. தொண்டையில் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அதிலும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வகைகள். அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாக ஒன்றிலிருந்து நான்கு வாரம்; அந்த அம்பின் பக்கத்திலேயே வாரக்கணக்கை எழுதினோம், சிறுவனின் இரண்டு வாரத்துக்கு அதுதான் விளக்கம். பிறகு இம்யூன் காம்ப்ளெக்ஸ் குளோமெருலஸில் படிகிறது, காம்ப்ளிமென்ட் தூண்டப்படுகிறது. இங்கே பக்கவாட்டில் ஒரு சின்னக் கிளை: காம்ப்ளிமென்ட் செலவாகிறது, அதனால் ரத்தத்தில் சி3 குறைகிறது. தண்டு தொடர்கிறது: நியூட்ரோஃபில்கள் வந்து சேர்கின்றன, எண்டோதீலியல், மெசாஞ்சியல் செல்கள் பெருகுகின்றன. இந்த இடத்தில் தண்டு இரண்டாகப் பிரிய வேண்டும், அவள் பிரிக்காமல் விட்ட இடம் இதுதான்.

ஒரு கிளை, நுண்குழாயின் சுவர் சேதமாவது. சுவர் ஒழுகுகிறது, அதனால் சிவப்பணுக்கள் சிறுநீருக்குள் போகின்றன. சிறுகுழலுக்குள் சேர்ந்து சிவப்பணு காஸ்ட் ஆகின்றன. கொஞ்சம் புரதமும் போகிறது. மற்றக் கிளை, பெருகிய செல்களால் நுண்குழாய் அடைபடுவது. வடிகட்டும் வேகம் குறைகிறது, அதனால் சிறுநீர் குறைகிறது, யூரியாவும் கிரியாட்டினினும் ஏறுகின்றன. உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன, அதனால் ஒரு பக்கம் ரத்த அழுத்தம், இன்னொரு பக்கம் வீக்கம். வீக்கம் எந்தக் கிளையில் தொங்குகிறது என்பதுதான் இந்தப் படத்தில் நான் முதலில் தேடுவது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் அல்புமின் ஏராளமாக வெளியேறுவது வீக்கத்தின் கதையில் முக்கியமான அங்கம். இங்கே முக்கியக் காரணம் தங்கிப்போன உப்பும் நீரும். ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டிய வேறுபாட்டை, வீக்கம் என்ற பெட்டியை எந்தக் கிளையின் அடியில் வைத்தாள் என்பதே சொல்லிவிடும்.

வரைந்து முடித்ததும் அவளே ஒன்றைக் கவனித்தாள். கிளைகளின் நுனிகளில் இருப்பவை எல்லாம் கேள்வியின் ஈ பகுதி. சிறுநீரில் சிவப்பணு, காஸ்ட், மிதமான புரதம். ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் அதிகம், சி3 குறைவு. தண்டின் மேல்பக்கத்திலிருந்து இன்னொன்று: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்துபோனதற்குச் சான்றாக ஏஎஸ்ஓ டைட்டர். தோல் புண்ணுக்குப் பிறகு வந்த நோயாக இருந்தால் ஏஎஸ்ஓ பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது, ஆன்டி டிஎன்ஏஸ் பி பார்க்க வேண்டும் என்பதை ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். அதாவது ஃப்ளோசார்ட்டைச் சரியாகப் போட்டவளுக்கு அடுத்த 3 மார்க் அதிலிருந்தே எடுத்து எழுதக் கிடைக்கும், தனியாக நினைவிலிருந்து தேட வேண்டாம். அவளுடைய பழைய தாளில் ஈ பகுதியில் சி3 விடுபட்டிருந்தது. அவளுடைய ஃப்ளோசார்ட்டில் காம்ப்ளிமென்ட் என்ற பெட்டி இருந்தும், அங்கிருந்து பக்கவாட்டில் எந்தக் கிளையும் போகவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஃப்ளோசார்ட்டாகப் போடும் வியாதி ஒன்று இப்போது பரவியிருக்கிறது. போன வருடம் ஒரு தாளில் மார்பாலஜியையே ஃப்ளோசார்ட்டாகப் பார்த்தேன்: லைட் மைக்ரோஸ்கோப்பி, அம்பு, இம்யூனோஃப்ளோரசன்ஸ், அம்பு, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பி. "அதனால்" வைத்துப் படித்துப் பார்த்தால் அதன் அபத்தம் விளங்கும். ஒரே சிறுநீரகத்தை மூன்று கருவியால் பார்க்கிறோம், ஒன்று இன்னொன்றை உண்டாக்கவில்லை. அங்கே மூன்று சின்னத் துணைத்தலைப்பு போதும்.

உள்ளே எது, வெளியே எது

மார்பாலஜிக்கு 5-இல் 2. இங்கேதான் கலர் டயகிராம்கள் இருந்தன. முதல் படம் லைட் மைக்ரோஸ்கோப்பி. எச் அண்ட் ஈ பென்சிலில், இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, ரெக்கார்டு நோட்டில் போடுவது மாதிரியே. ஒரு வட்டத்துக்குள் நிறைய ஊதாப் புள்ளி. கீழே "ஹைப்பர்செல்லுலர் குளோமெருலஸ்". பொறுமையாகப் போட்ட படம்தான், குறைந்தது எட்டு நிமிடம் போயிருக்கும். ஆனால் ஹைப்பர் என்றால் எதைவிட? இயல்பான குளோமெருலஸ் எப்படி இருக்கும் என்பது படத்தில் இல்லை. ஊதாப் புள்ளி நிறைந்த வட்டம் நிணநீர் முடிச்சின் ஃபாலிக்கிளாகவும் இருக்கலாம். பக்கத்தில் நாணயம் அளவுக்கு ஓர் இயல்பான குளோமெருலஸை பேனாவால் கிறுக்கி, அதில் திறந்த நுண்குழாய்களையும் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் காட்டியிருந்தால், பெரிய படத்தில் அந்தத் துளைகள் அடைபட்டதும் வெற்றிடம் சுருங்கியதும் தானாகத் தெரிந்திருக்கும். அப்புறம் லேபிள். அவள் போட்டது நான்கு: குளோமெருலஸ், போமன்ஸ் கேப்சூல், சிறுகுழல், செல்கள். நான்கும் எந்தச் சிறுநீரகத்திலும் இருப்பவை. இந்த நோயில் மட்டும் பார்க்க வேண்டியவற்றுக்கு, அதாவது நியூட்ரோஃபிலுக்கும், அடைபட்ட நுண்குழாய்க்கும், சிறுகுழலுக்குள் இருக்கும் சிவப்பணு காஸ்ட்டுக்கும், கோடு போகவில்லை.

இரண்டாவது படத்தில்தான் விஷயம் கொஞ்சம் மோசம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பி. நுண்குழாயின் சுவரை மூன்று அடுக்காகப் போட்டிருந்தாள். எண்டோதீலியம், பேஸ்மென்ட் மெம்ப்ரேன், போடோசைட்டின் கால்கள். நடு அடுக்கை ஒட்டி, கறுப்பாக நிரப்பிய மூன்று குமிழ். லேபிளில் தெளிவாக "சப்எபிதீலியல் ஹம்ப்". சொல் சரி. குமிழ்கள் இருந்தது எண்டோதீலியத்தின் பக்கம்.

படிக்காதவர்களுக்கு இது ஒரு மில்லிமீட்டர் பிழை. ஆனால் சிறுநீரக பேத்தாலஜியில் டெபாசிட், அதாவது இம்யூன் காம்ப்ளெக்ஸ் படிந்த அந்தக் குமிழ், எந்தப் பக்கம் என்பதுதான் பாதி விடை. வெளிப்பக்கம், அதாவது போடோசைட்டின் கீழே மேடு மேடாக இருந்தால் இந்தச் சிறுவனின் நோய். பிள்ளைகளில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிவிடும். உள்பக்கம், எண்டோதீலியத்தின் கீழே இருந்தால் நினைக்க வேண்டியவை வேறு, லூபஸ், மெம்ப்ரேனோப்ரோலிஃபரேட்டிவ் வகை. அவளுடைய படம் எழுத்தில் ஒரு நோயும் கோட்டில் இன்னொரு நோயுமாக இருந்தது. தோழி இந்தப் படத்தையே போடவில்லை. "பேஸ்மென்ட் மெம்ப்ரேனின் எபிதீலியல் பக்கத்தில் மேடு போன்ற டெபாசிட்டுகள்" என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த ஒரு வரிக்கு மார்க் கொடுத்தேன். அவளுடைய மார்பாலஜியில் இம்யூனோஃப்ளோரசன்ஸும் ஒரு வரிதான், ஐஜிஜியும் சி3யும் துகள்துகளாகப் படிந்திருப்பது. அதற்கும் கொடுத்தேன்.

"மேடம், எழுதினது கரெக்ட்தானே, அதுக்காவது கொடுத்திருக்கலாமே?" நியாயமான கேள்வி. அரை மார்க் கொடுத்திருந்தேன் என்று காட்டினேன். முழுசாகக் கொடுத்திருக்க வேண்டுமா என்று எனக்கே இன்னும் தீரவில்லை. என்னோடு திருத்தும் ஒரு சார், படம் தப்பு என்றால் பக்கத்தில் எழுதியதையும் நம்ப மாட்டார். இன்னொருவர் சரியான சொல்லைக் கண்டதும் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். நான் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் உறுதி: பக்கத்தைத் திருப்பியதும் கண் முதலில் போவது படத்துக்குத்தான். எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும், படத்தில் பிழையைப் பார்த்துவிட்ட பிறகுதான் அதைப் படிக்கிறோம். படம் போட்டால் மார்க் விழும் என்பவர்கள் அதே காரணத்தால் மார்க் போகவும் செய்யும் என்பதைச் சொல்வதில்லை.

அவள் ஏன் தப்பாகப் போட்டாள் என்பதைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் எட்டு லேபிள் இருந்தது. இரண்டு இல்லை. சுவரின் ஒரு பக்கம் ரத்தம் ஓடும் நுண்குழாயின் உள்வெளி. மறுபக்கம் சிறுநீர் சேரும் வெளி. இந்த இரண்டையும் எழுதாமல் மூன்று அடுக்கை மட்டும் போட்டால் படத்துக்கு உள்ளும் இல்லை புறமும் இல்லை. வரைகிறவளுக்கே திசை தப்பிவிடும், குமிழை எந்தப் பக்கம் வைத்தாலும் படம் பார்க்கச் சரியாகத்தான் தோன்றும். ஆகவே வரிசையை மாற்றச் சொன்னேன். முதலில் வெறும் கோடு ஒன்று, அதுதான் பேஸ்மென்ட் மெம்ப்ரேன். உடனே, வேறெதுவும் வரைவதற்கு முன், கீழே "ரத்தம்" மேலே "சிறுநீர்" என்று இரண்டு சொல். ரத்தத்தின் பக்கம் துளைகளோடு எண்டோதீலியம், சிறுநீரின் பக்கம் போடோசைட்டின் கால்கள். கடைசியில் குமிழ், சிறுநீர் பக்கம், கால்களுக்குக் கீழே. கறுப்புப் பேனாவில் போட்டாள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆகவில்லை. கலர் இல்லை. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஏது கலர்? அவளுடைய பழைய படத்தில் போடோசைட் இளஞ்சிவப்பாக இருந்தது.

லேபிள் கோடுகளைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாம் வலது பக்கம், ஸ்கேல் வைத்து, ஒன்றையொன்று வெட்டாமல் இருந்தன. பென்சிலைப் பற்றி மட்டும் சொன்னேன். விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில் திருத்தும்போது வெளிர் இளஞ்சிவப்புப் பென்சில் காகிதத்தோடு காகிதமாக மறைந்துவிடும். அப்படிக் காணாமல்போன படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கண் வலித்திருக்கிறது எனக்கு. வெளிக்கோடும் லேபிளும் பேனாவில் இருந்தால் உள்ளே எந்தக் கலர் போட்டாலும் சரி.

அடுத்த வாரம் அதே கேள்வியை மறுபடி எழுதிக் கொண்டுவந்தாள், நான் கேட்காமலேயே. மூன்றரைப் பக்கம், 26 நிமிடம் என்று மேலே எழுதியிருந்தாள். திருத்தினால் 12 வரும். இரண்டு இடத்தில் இடித்தது: லைட் மைக்ரோஸ்கோப்பியில் எல்லா குளோமெருலஸும் பாதிக்கப்படும் என்பதை, அதாவது டிஃப்யூஸ் என்ற சொல்லை, விட்டுவிட்டாள். ஃப்ளோசார்ட்டின் ஒரு கிளை பக்கத்தின் விளிம்பில் முட்டி மடங்கியிருந்தது. கிளை பிரியும் என்று தெரிந்தால் தண்டைப் பக்கத்தின் நடுவில் தொடங்க வேண்டும், வழக்கம்போல் இடது ஓரத்தில் தொடங்கினால் இடம் போதாது.

அன்று இரவு வீட்டில் பரண் மேல் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். என் சொந்த பேத்தாலஜி ரெக்கார்டு அதில் இருக்கிறது, அம்மா பழுப்புத்தாள் அட்டை போட்டுக் கொடுத்தது. அவளுடைய படத்தைப் பார்த்ததிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். கிட்னி பக்கத்தை எடுத்தேன். லைட் மைக்ரோஸ்கோப்பி, ஊதாப் புள்ளி நிறைந்த வட்டம். அதற்குக் கீழே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பி, மூன்று அடுக்கு, மூன்று குமிழ், பக்கத்தில் என் கையெழுத்தில் "சப்எபிதீலியல் ஹம்ப்". குமிழ்கள் எண்டோதீலியத்தின் பக்கம். அதன் மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு டிக், ஒரு கையொப்பம், தேதி.